சிமெண்ட் தரையில் நிற்கும் கறவை மாடுகள்: குளம்பு வெட்டுதலும் கால்வலியை முன்கூட்டியே அறிதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பகுதியில் இரண்டு மாடு முதல் பத்துப் பதினைந்து மாடு வரை வைத்திருப்பவர்களின் கொட்டகைகளில், குளம்பு வெட்டும்போது பக்கத்தில் நின்று கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நாளின் பெரும்பகுதியைச் சிமெண்ட் தரையில் கட்டுத்தறியிலேயே கழிக்கும் ஹோல்ஸ்டீன், ஜெர்சி கலப்பின மாடுகளை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

சிமெண்ட் தரையில நின்னா குளம்பு தானா தேஞ்சிடுமே, அப்புறம் எதுக்கு வெட்டணும்?

தேய்மானம் நிற்பதால் வருவதில்லை, நடப்பதால் வருகிறது. குளம்பின் முன்சுவர் மாதத்திற்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வளர்கிறது. மேய்ச்சலுக்குப் போய்வரும் மாட்டுக்கு அந்த அளவு நடையிலேயே தேய்ந்துவிடும். கட்டுத்தறியில் நிற்கும் மாடு நாளொன்றுக்குச் சில அடிகள்கூட நகர்வதில்லை என்பதால் நுனி நீண்டுகொண்டே போகிறது. நுனி நீளும்போது மாட்டின் எடை பின்னோக்கிச் சாய்ந்து குதிகால் பகுதியில் இறங்குகிறது. சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் மிக மென்மையாகிப்போவதும் அந்தக் குதிகால் பகுதியே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கொட்டகையில், சொரசொரப்பான புதிய சிமெண்ட் தரையாக இருந்தால், குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்து அடிப்பகுதி மெலிந்துவிடும். அத்தகைய மாட்டுக்குக் கத்தியே வைக்கக் கூடாது. ஆகவே குளம்பு வெட்டுவது என்பது எல்லா மாட்டுக்கும் ஒரே அளவாகச் செய்யும் வேலையன்று. காலைத் தூக்கி அளந்து பார்த்த பிறகே வெட்ட வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மாடு நொண்டவே இல்ல. கட்டியே கெடக்குற மாட்டுக்குக் கால்வலி இருக்குன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

நொண்டுதல் என்பது வலியின் கடைசிக் கட்டம். அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே மாடு நிற்கும் விதத்தில் வலி தெரிந்துவிடும். பால் கறக்கும் முன் மாட்டுக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி, அது நம்மைப் பொருட்படுத்தாத வகையில் ஒன்றரை நிமிடம் அமைதியாக நின்று பின்னங்கால்களை மட்டும் பாருங்கள். நான்கு அடையாளங்களைத் தேட வேண்டும். முதலாவது, ஈ கடிக்காமலும் யாரும் தொடாமலும் இருக்கும்போதே எடையை இடக்காலுக்கும் வலக்காலுக்குமாக மாற்றி மாற்றி வைப்பது. இரண்டாவது, ஒரு காலின் குதியைத் தரையில் படியவிடாமல் நுனியை மட்டும் ஊன்றி ஓய்வு கொடுப்பது, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே காலுக்கே கொடுப்பது. மூன்றாவது, தரையின் விளிம்பிலோ மூத்திரக் கால்வாயின் ஓரத்திலோ குளம்பின் முன்பாதியை வைத்து குதியை அந்தரத்தில் தொங்கவிட்டு நிற்பது. இதைப் பலர் இடவசதிக் குறைவு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த மாடு புண்பட்ட குதியைத் தரையில் படாமல் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

நான்காவது அடையாளத்தைக் காண மாட்டின் இடுப்பில் கை வைத்து இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாக நகர்த்த வேண்டும். நலமான மாடு இரு பக்கமும் ஒரே தாளத்தில் கால் எடுத்து வைக்கும். வலியுள்ள மாடு ஒரு பக்கம் நகரும்போது தயங்கும், அல்லது ஒரு காலை ஊன்றியவுடன் அவசரமாக எடுத்துவிடும். இந்த நான்கில் இரண்டு தென்பட்டால் அந்த மாட்டைக் கால்வலி உள்ள மாடாகவே கருதி, காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் காட்ட அவிழ்த்துக்கொண்டு போகும்போது முதுகையும் கவனியுங்கள். நிற்கும்போது நேராக இருந்த முதுகு நடக்கத் தொடங்கியதும் வில்லாக வளைந்தால் அது தொடக்கநிலை வலி. நிற்கும்போதே வளைந்திருந்தால் வலி முற்றிவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே ஆள் பார்ப்பது நல்லது, ஏனெனில் மாற்றம் என்பது அந்த மாட்டின் சென்ற வார நிலையோடு ஒப்பிட்டால்தான் புலப்படும்.

எந்தக் கால்னு தெரியல, எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கிறது?

பின்னங்காலின் வெளிக் குளம்பிலிருந்து தொடங்குங்கள். கறவை மாட்டின் நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் பாதத்திலேயே இருக்கிறது. அதிலும் மிகுதி பின்னங்கால்களில், அதிலும் வெளிக் குளம்பில். மாடு நடக்கும்போது இடுப்பு இருபக்கமும் அசைவதால் வெளிக் குளம்பின் மீது ஏறும் சுமை கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. கடினமான தரை அந்தச் சுமையை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அந்த உறுத்தலுக்கு எதிர்வினையாக வெளிக் குளம்பு இன்னும் வேகமாக வளர்ந்து உயர்கிறது. உயர்ந்ததால் இன்னும் அதிக எடையை ஏற்கிறது. இந்தச் சுழலை உடைப்பதே குளம்பு வெட்டுவதன் நோக்கம். மாட்டின் அழகுக்காகச் செய்யப்படும் வேலையன்று இது. முன்னங்காலில் நிலைமை தலைகீழ், அங்கே உள் குளம்பே பெரும்பாலும் மிகையாக வளரும்.

வருஷத்துக்கு எத்தனை தடவை வெட்டணும்? சினை மாட்டுக்கு வெட்டலாமா?

கட்டி வளர்க்கும் மாட்டின் குளம்பை ஆண்டுக்கு இருமுறையாவது தூக்கிப் பார்க்க வேண்டும். முதலாவது, பால் வற்றவிடும் நேரம், அதாவது ஈனுவதற்கு ஏறத்தாழ 2 மாதம் முன்பு. இரண்டாவது, ஈன்று 2 முதல் 3 மாதத்திற்குள். முதல் ஈற்றுக் கிடாரிகளையும் ஈனுவதற்கு 2 மாதம் முன் பார்த்துவிடுவது நல்லது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் காரணம் உண்டு. ஈனும் காலத்தில் இடுப்பெலும்புகளை நெகிழச் செய்யும் உடல் மாற்றங்கள் குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்களையும் தளர்த்துகின்றன. எலும்பு சற்றே இறங்கி, அதற்கும் அடிக்குளம்புக்கும் இடையிலுள்ள உயிர்ச்சதையை நசுக்குகிறது. அந்த எலும்புக்கு அடியில் மெத்தை போல அமைந்த ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. ஈன்றபின் மாடு உடல் மெலியும்போது அந்தத் திண்டும் மெலிந்துவிடுகிறது. ஆகவே ஈன்ற மாட்டை மெலியவிடாமல் காப்பதும் குளம்பைக் காக்கும் வேலையில் ஒரு பகுதியே. சினையின் கடைசி மாதத்தில் மட்டும், உயிர்போகும் வலி இருந்தாலன்றி, காலைத் தூக்கிக் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

என்னென்ன கருவி வேணும்? மாட்டைச் சாச்சுப் படுக்க வெச்சுக் கட்டலாமா?

நீண்ட கைப்பிடியுள்ள குளம்பு வெட்டும் இடுக்கி ஒன்று, நுனி வளைந்த குளம்புக் கத்தி ஒன்று, அரம் ஒன்று, ஒரு அளவுகோல், கத்தியைத் தீட்டும் கல் ஆகியவை போதும். மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டும்போது கை சறுக்குகிறது, பெரும்பாலான விபத்துகள் அதனால்தான் நேர்கின்றன. எனவே ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவே கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள். மின் கிரைண்டர் வேலையை விரைவாக்கும், ஆனால் அது எடுத்துவிட்டதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. கையால் வெட்டிப் பழகியவர்கள் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

கறவை மாட்டையும் சினை மாட்டையும் கயிறு கட்டிச் சாய்க்கக் கூடாது. மடி நசுங்கலாம், வயிறு உப்பலாம், கருப்பை முறுக்கிக்கொள்ளலாம். கால்நடை மருந்தகங்களில் உள்ள டிராவிஸ் என்னும், மாட்டை அசையாமல் நிறுத்தும் சட்டத்தில் நிறுத்தி, வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டை கொடுத்து, பின்னங்காலைக் கணுவுக்கு மேல் கட்டி உயர்த்துவதே பாதுகாப்பானது. தரையில் பழைய சாக்கு விரித்துவிட்டால் மற்றக் கால்கள் வழுக்காது.

எவ்வளவு வெட்டணும்னு எப்படித் தெரியும்? எனக்கு அதுதான் பயமே.

அந்தப் பயம் நியாயமானது, அதற்காகவே ஓர் அளவு இருக்கிறது. நெதர்லாந்தில் உருவாகி இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை இது. பின்னங்காலில் எப்போதும் உள் குளம்பிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் கெடாமல் இருப்பது அதுவே. முன்சுவரில் மயிர் முடிந்து கெட்டியான குளம்பு தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை அளந்து, 7.5 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தில் குறியிடுங்கள். பெரிய உடல்வாகுள்ள, பல ஈற்றுக் கண்ட ஹோல்ஸ்டீன் மாட்டுக்கு 8 முதல் 8.5 சென்டிமீட்டர் விட்டுவைப்பது நல்லது. குறியிட்ட இடத்தில் இடுக்கியால் அடிக்குளம்புக்குச் செங்குத்தாக வெட்டினால் நுனி மொட்டையாகத் தெரியும். ஏற்கெனவே 7.5 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் நுனியைத் தொடாதீர்கள்.

அடுத்து, அந்த மொட்டை நுனியில் தெரியும் தடிமனைக் கவனித்துக்கொண்டே, அடிக்குளம்பை நுனியிலிருந்து பின்னோக்கி மெல்லிய சீவல்களாக எடுத்து வர வேண்டும். நுனியின் தடிமன் 5 முதல் 7 மில்லிமீட்டராகக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். உள் குளம்பின் குதிப்பகுதியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். மாட்டுக்கு வேண்டிய உயரம் அங்கேதான் இருக்கிறது. சீவும்போது அடிக்கடி கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல இருக்கும்வரை அச்சமில்லை. விரலுக்கு இலேசாக இடம் கொடுத்தாலோ வெளுத்த குளம்பில் இளஞ்சிவப்புத் தெரிந்தாலோ அடுத்த சீவல் உயிர்ச்சதையைத் தொட்டுவிடும். அங்கேயே கத்தியைக் கீழே வைக்க வேண்டும்.

உள் குளம்பு முடிந்ததும் அதையே அளவாகக் கொண்டு வெளிக் குளம்பை அதே நீளத்திற்கும் அதே உயரத்திற்கும் கொண்டுவர வேண்டும். இங்கே குதிப்பகுதியையும் இறக்கலாம், ஏனெனில் மிகையாக வளர்ந்தது அதுதான். ஆனால் விரல் அழுத்திப் பார்க்கும் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். கத்தியின் கைப்பிடியை இரு குதிகளின் மீதும் குறுக்காக வைத்துப் பார்த்தால், சமமாக இருக்கிறதா என்பது தெரியும். கடைசியாக, இரு குளம்புகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்புறத்தில், பின்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்திற்கு அடிப்பகுதியை இலேசாகக் குழிவாக்க வேண்டும். புண் வரும் இடம் அதுவென்பதால் அது தரையில் அழுந்தாமல் இருக்கட்டும் என்பதே நோக்கம். சாணமும் அங்கே தங்காது. நுனியின் மூன்றிலொரு பங்கையும் வெளிச்சுவரையும் குழிவாக்கக் கூடாது. அவை சுமை தாங்கும் பகுதிகள்.

சீவும்போது உள்ள ரத்தம் கட்டுன மாதிரி செவப்பா தெரியுது. அது என்னங்க?

அது நீங்கள் இன்று ஏற்படுத்திய காயமன்று. முன்பு உயிர்ச்சதை நசுங்கிக் கசிந்த இரத்தம், அப்போது உருவாகிக்கொண்டிருந்த குளம்புக்குள் படிந்து, குளம்பு வளர வளர வெளியே வந்திருக்கிறது. அடிக்குளம்பு புதுப்பித்து வெளியே வர ஏறத்தாழ 2 மாதம் ஆகும். எனவே இன்று காணும் கறையின் காரணத்தை இரண்டு மாதம் முன்பு நடந்தவற்றில் தேட வேண்டும். ஈற்று, தீவன மாற்றம், இடமாற்றம், ரப்பர் மேட் இல்லாத புதிய கொட்டகைக்கு மாற்றியது என்று அந்த நாட்களில் ஏதாவது இருக்கும்.

கறை பரவலாக, மங்கிய மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் முழுப்பாதமும் அழுத்தத்தில் இருந்திருக்கிறது. குதியும் அடிக்குளம்பும் சேரும் இடத்தில், உட்புறமாக, காசு அளவில் அடர்சிவப்பாக இருந்தால் அங்கே புண் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு ஆழமாகத் தோண்டுவது தவறு. சமன் செய்து அந்த இடத்தின் சுமையைக் குறைத்தால் போதும். வெள்ளைக்கோட்டில், அதாவது சுவரும் அடிக்குளம்பும் சேரும் வெளிர்நிறக் கோட்டில், கரும்புள்ளி தெரிந்தால் அதை மட்டும் கத்தி நுனியால் சிறிது பின்தொடரலாம். இரண்டு சீவலில் மறைந்தால் வெறும் அழுக்கு. உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்து சாம்பல்நிறச் சீழ் வந்தால் வெள்ளைக்கோடு பிரிந்துவிட்டது. சீழ் வெளியேற வழிசெய்து, பிரிந்து நிற்கும் சுவரை நீக்க வேண்டும்.

ஹோல்ஸ்டீன் கலப்பு, ரெண்டாம் ஈத்து, கன்னு போட்டு மூணு மாசம். இடது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வெக்குது, பால் 12 லிட்டர்ல இருந்து 9 ஆயிடுச்சு. காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல. என்ன பண்ணணும்?

வீக்கமும் காய்ச்சலும் இல்லாததால் தொற்றைவிடக் குளம்புக்குள் உள்ள கோளாறே காரணமாக இருக்க வாய்ப்பு. ஈன்று மூன்று மாதம் என்பதும் முந்தைய விடையில் சொன்ன கணக்கோடு பொருந்துகிறது. இத்தகைய மாட்டின் இடது பின்னங்காலைத் தூக்கினால் வழக்கமாகக் காணக்கூடிய நிலை இது: உள் குளம்பு 8.5 சென்டிமீட்டர், வெளிக் குளம்பு 9.5 சென்டிமீட்டர் இருக்கும், வெளிக் குதி உள் குதியைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு உயர்ந்திருக்கும். உள் குளம்பை 7.5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, வெளிக் குளம்பை அதற்குச் சமமாக இறக்கும்போது, குதி சேரும் இடத்தில் அடர்சிவப்புக் கறை தெரியும். அதைக் கட்டை விரலால் அழுத்தினால் மாடு காலை வெடுக்கென்று இழுக்கும். அதுவரை அமைதியாக நின்ற மாடு அந்த ஒரே இடத்தில் மட்டும் இழுக்கிறது என்றால், வலியின் இடம் உறுதியாகிவிட்டது. மேலே பிரிந்து ஆடும் குளம்பை நீக்கினால் சிறிய பொட்டாக உயிர்ச்சதை எட்டிப்பார்க்கலாம். அதுவே அடிக்குளம்புப் புண்.

இப்போது வேலை முழுவதும் சுமையை மாற்றுவதிலேயே இருக்கிறது. புண்ணைச் சுற்றிப் பிரிந்த குளம்பை எல்லாம் நீக்கி, ஓரங்களை மெலிதாக்கி, வெளிக் குளம்பின் பின்பகுதியை உள் குளம்பைவிடத் தாழ்வாக்க வேண்டும். உள் குளம்பை இடுக்கியால் இலேசாக அழுத்திப் பார்த்து, வலி இல்லை என்று உறுதிசெய்த பிறகு, அதன் அடியில் மரக்கட்டையையோ ரப்பர் கட்டையையோ அதற்கென உள்ள பசையால் ஒட்ட வேண்டும். புண்பட்ட குளம்பு தரையிலிருந்து உயர்ந்து ஓய்வு பெறும். கால்நடை மருத்துவர் வலிநீக்கி ஊசியும் போட்டுவிட்டால் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. சமன் செய்தல், கட்டை, வலிநீக்கி மூன்றும் சேரும்போதே தொடக்கநிலைப் புண்கள் மிக நன்றாக ஆறுகின்றன. கட்டையை 4 முதல் 6 வாரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல குளம்பு கெடத் தொடங்கும். புண்ணின் மேல் துணி சுற்றத் தேவையில்லை. மயில்துத்தப் பொடி, பினாயில், மண்ணெண்ணெய் எதையும் உயிர்ச்சதையில் இடவே கூடாது. அவை புதிய குளம்பை உண்டாக்கும் திசுவையே எரித்துவிடும்.

வலது பின்னங்காலையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். இரு கால்களும் ஒரே அழுத்தத்தைச் சந்தித்தவை, வலி குறைவாக உள்ள கால் தன்னைக் காட்டிக்கொள்ளாது. சில நாட்களில் மாடு இரு காலையும் சமமாக ஊன்ற வேண்டும். மாறாக, குதிக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடேறினால் தொற்று மூட்டுவரை போயிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

குளம்பு வெட்டுன பிறகுதான் மாடு நொண்டுது. ஆள் தப்பா வெட்டிட்டாரா?

நீண்ட நாள் வளர்ந்திருந்த குளம்பைச் சீராக்கிய பின் ஓரிரு நாள் மாடு தயங்கி நடப்பது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால், பெரும்பாலும் அடிக்குளம்பு மிகவும் மெலிந்துவிட்டது என்று பொருள். காலைத் தூக்கிக் கட்டை விரலால் அழுத்தினால் நுனிப்பக்கம் இடம் கொடுக்கும். அந்த மாட்டை இரண்டு மூன்று வாரம் மண் தரையிலோ தடித்த மேட் மீதோ கட்டுங்கள், இழந்த தடிமன் வளர்ந்துவிடும். வெட்டும்போதே இரத்தம் கசிந்திருந்தால், சுத்தமான பஞ்சால் அழுத்தி நிறுத்தி, மற்றக் குளம்பு நலமாக இருந்தால் அதற்குக் கட்டை ஒட்டி, காய்ந்த இடத்தில் கட்ட வேண்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்பு வைப்பது வேண்டவே வேண்டாம்.

பொங்கலுக்கு மாட்டுக்குப் பொங்கல் நெறைய வெச்சோம். ஒரு நாள் கழிஞ்சுது, சரியாயிடுச்சு. இப்ப மார்ச்சுல நொண்டுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். பச்சரிசியும் வெல்லமும் திடீரென அளவுக்கு மீறி உள்ளே போனால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகுகிறது. மாடு தீவனம் எடுக்காமல், அசைபோடாமல், புளித்த நாற்றத்துடன் கழிகிறது. கழிச்சல் நின்றாலும், அந்த நாட்களில் குளம்பின் உயிர்ச்சதைக்குச் சென்ற இரத்த ஓட்டம் குலைந்ததன் தடம் இரண்டு மாதம் கழித்து அடிக்குளம்பில் கறையாகவும், முன்சுவரில் குறுக்கே ஓடும் பள்ளமான வளையமாகவும் தெரியும். மயிர்க்கோட்டிலிருந்து அந்த வளையம் இருக்கும் தூரத்தை அளந்தால், 5 மில்லிமீட்டருக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் பாதிப்பு நேர்ந்த காலத்தைத் தோராயமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஜனவரி நடுவில் நேர்ந்த பாதிப்பின் வளையம் மார்ச் நடுவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும்.

பண்டிகைச் சோறு மட்டும் இப்படிச் செய்வதில்லை. தினமும் அரிசிக் கஞ்சியும் மாவும் ஒரே வேளையில் ஊற்றுவதும், ஈன்ற மறுநாளே அடர்தீவனத்தை முழு அளவுக்கு ஏற்றுவதும் இதையே மெதுவாகச் செய்கின்றன. ஈன்றபின் அடர்தீவனத்தை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்றுவதும், வைக்கோலோ சோளத்தட்டோ முதலில் தின்னக் கொடுத்த பிறகு அடர்தீவனம் வைப்பதும் குளம்பைக் காக்கும்.

குளம்புக்கு மேல வீங்கி நாத்தம் அடிக்குது. இது கோமாரியா, குளம்பழுகலா?

வாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். நூலாக எச்சில் வடிந்து, நாக்கிலும் பல் ஈறுகளிலும் கொப்புளமோ தோலுரிந்த புண்ணோ இருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட கால்களில் குளம்பிடையில் புண் இருந்தால் கோமாரியாகக் கருதி, அந்த மாட்டைத் தனியே கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் குளம்பு வெட்டக் கூடாது. அந்தக் கருவியை அடுத்த கொட்டகைக்குக் கொண்டு போகவும் கூடாது.

வாய் நலமாக இருந்து, ஒரே காலில் இரண்டு குளம்புக்கும் மேல் சமமாக வீங்கி, குளம்பிடைத் தோல் வெடித்து அழுகல் நாற்றம் வீசி, ஓரிரு நாளிலேயே மாடு காலை ஊன்ற மறுத்தால் அது குளம்பிடை அழுகல். காய்ச்சலும் இருக்கும். மருத்துவர் தரும் ஆண்டிபயாட்டிக் ஊசிக்கு விரைவில் கட்டுப்படும், தாமதித்தால் மூட்டுக்கு ஏறும். வீக்கம் ஒரு குளம்புக்கு மேல் மட்டும் இருந்தால் இந்த இரண்டும் அல்ல, முன்பு சொன்ன புண்ணோ சீழோ உள்ளே இருக்கிறதா என்று அந்தக் குளம்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

குதிக்குச் சற்று மேலே, இரு குளம்புகளுக்கும் பின்னால், வட்டமாகச் சிவந்த ஈரப்புண் தொட்டவுடன் துடிக்க வைத்தால் அது வேறொரு தொற்று நோய், மாட்டுக்கு மாடு பரவுவது. வெளியிலிருந்து வாங்கி வரும் மாட்டோடு கொட்டகைக்குள் நுழைவது வழக்கம். புது மாட்டைக் கட்டுவதற்கு முன் குதிக்குப் பின்புறத்தைக் கழுவிப் பார்த்துவிடுங்கள்.

மயில்துத்தத் தண்ணியில கால் நனைச்சா எல்லாம் சரியாகும்னு சொல்றாங்களே?

தோலிலும் குதியின் மேற்பரப்பிலும் வரும் தொற்றுக்கு அது நல்ல தடுப்பு. அடிக்குளம்புப் புண்ணுக்கும் வெள்ளைக்கோட்டுச் சீழுக்கும் அதனால் பயனில்லை. அளவு 5 விழுக்காடு, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம். ஐந்தாறு மாடுகளுக்குத் தொட்டி கட்ட வேண்டியதில்லை. கறவை முடிந்ததும் குளம்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிளாஸ்டிக் கைத்தெளிப்பானால் குளம்பிடையிலும் குதிக்குப் பின்னும் நனைய அடித்தால் போதும். சாணம் ஒட்டிய குளம்பில் அடித்தால் மருந்து சாணத்தோடு வீணாகும். மாடு அதை நக்கவோ குடிக்கவோ விடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் மாட்டுக்கு நஞ்சாகும், செம்மறியாட்டுக்கு இன்னும் கொடியது. மிச்சத்தை ஒரே வயலில் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் தாமிரம் தங்கிவிடும்.

ரப்பர் மேட் போட்டாச்சு, இனிமே குளம்பு வெட்ட வேண்டாமா?

மேட் போட்டபின் குளம்பின் தேய்மானம் இன்னும் குறையும், எனவே வெட்டும் தேவை சற்றுக் கூடவே செய்யும். மேட் தரும் நன்மை வேறு. மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் படுக்க வேண்டும். வெறும் சிமெண்டில் அது எழுந்து படுக்க அஞ்சி நின்றுகொண்டே இருக்கிறது, அந்தக் கூடுதல் நிற்பே குளம்பை நசுக்குகிறது. மேட் போட்டபின் நடுப்பகலில் எத்தனை மாடுகள் படுத்து அசைபோடுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவை படுத்திருக்கவில்லை என்றால் மேட் மெல்லியதாக இருக்கிறது, அல்லது இடம் குறுகலாக இருக்கிறது, அல்லது கயிறு குட்டையாக இருக்கிறது. மேட்டை வாரம் ஒருமுறை தூக்கி, அடியில் தேங்கும் மூத்திரத்தைக் கழுவ வேண்டும். தரைக்கு 50 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரிவு இருந்தால் ஈரம் நிற்காது.

புதிதாகச் சிமெண்ட் போட்டிருந்தால், நன்றாக நீர் விட்டு இறுகிய பின், கனமான கான்கிரீட் கட்டையையோ செங்கல்லையோ தரைமேல் இழுத்துத் தேய்த்து கூர்முனைகளை உடைத்து, பலமுறை கழுவிய பிறகே மாட்டைக் கட்ட வேண்டும். வெறுங்காலோடு அதில் நடந்து பாருங்கள். உங்கள் பாதத்தைக் கீறும் தரை மாட்டின் குளம்பையும் தின்றுவிடும்.

வலிக்கு மெடிக்கல்ல ஊசி வாங்கி நாங்களே போட்டுக்கலாமா?

வேண்டாம். டைக்ளோபெனாக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006 முதலும், கீட்டோபுரோபெனும் அசிக்ளோபெனாக்கும் 2023 முதலும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அம்மருந்து ஏறிய மாடு இறந்து அதன் உடலைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிவதே காரணம். நீலகிரியை ஒட்டிய மோயாறுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு நம் கொட்டகை ஊசியே எமனாகலாம். மெலாக்சிகாம் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் அளவு சொல்லிப் போடட்டும், பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி மட்டும் போட்டுக் குளம்பைத் திறக்காமல் விட்டால், வலி தெரியாத மாடு புண்மேலேயே நன்றாக ஊன்றி நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

போன ஈத்துல வந்த அதே இடத்துல மறுபடியும் புண் வருது. எத்தனை தடவைதான் வெட்டுறது?

முதல் புண் நீண்டநாள் கவனிக்கப்படாமல் இருந்திருந்தால், அடியிலிருந்த எலும்பின் பின்முனையில் புதிய எலும்பு முளைத்திருக்கும், கொழுப்புத் திண்டும் தழும்பாகியிருக்கும். வெளியே குளம்பு எவ்வளவு அழகாக ஆறினாலும் உள்ளே அந்த முனை ஒவ்வோர் ஈற்றிலும் அதே இடத்தைக் குத்தும். அதை மாற்ற வழியில்லை. அத்தகைய மாட்டை ஆண்டுக்கு இருமுறை என்றில்லாமல் 3 அல்லது 4 மாதத்திற்கு ஒருமுறை பார்த்து, குழிவாக்கும் பகுதியை மற்ற மாடுகளைவிடச் சற்று அகலமாக எடுத்து, முடிந்தால் மண் தரையில் கட்டி வைத்துக்கொள்ளலாம். பயோட்டின் என்னும் வைட்டமினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஆறு மாதத்திற்குக் குறையாமல் கொடுத்தால் குளம்பின் தரம் கூடும், வெள்ளைக்கோடு பிரிவதும் குறையும். ஆனால் உள்ளே முளைத்த எலும்பை அது கரைக்காது.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு கறவையில் இரண்டு மூன்று முறை கட்டை ஒட்ட வேண்டியிருக்கிறது என்றால், அந்த மாட்டை மறுபடி சினைப்படுத்துவது அதற்கு வலியைக் கூட்டுவதாகவே முடியும் என்பது என் கருத்து. அதன் கிடாரிக் கன்று கொட்டகையில் இருந்தால், அதன் முதல் ஈற்றுக்கு 2 மாதம் முன்பே குளம்பைத் தூக்கிப் பார்த்து, ஈன்ற நாளிலிருந்து மூன்று மாதம் வரை மேட்டோ மண் தரையோ கொடுத்து, முதல் கறை தெரிந்த வாரத்திலேயே சுமையைக் குறைத்துவிடுங்கள். எலும்பு முளைப்பதற்கு முன் தடுக்கக்கூடிய காலம் அது ஒன்றே.